ரங்கூன் அரிசியும் நடுப்படியில் நின்றவரும்

கேள்வி: "சேர், வெள்ளைக்காரர் ஆண்ட நாடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு தொழில் என்று ஆனது எப்படி? அவர்கள் போன பிறகும் அந்தக் கசப்பு ஏன் போகவில்லை? திருகோணமலைக்கும் இது பொருந்துமா?"

தங்கச்சி, சுருக்கமாகச் சொன்னால், யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து "உனக்கு வட்டி, உனக்கு வயல், உனக்குத் துறைமுகம்" என்று பிரித்துக் கொடுக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது, ஆள் எங்கிருந்து மலிவாகக் கிடைத்தது, சட்டம் எதை விற்கலாம் என்று சொன்னது, இந்த மூன்றும் சேர்ந்து பிரித்தன. கசப்பு ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு நாட்டை எடுத்து உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். பத்து நாட்டைத் தொட்டுத் தொட்டுப் போனால் ஒன்றும் பிடிபடாது. அதனால் பர்மாவை எடுக்கிறேன். இப்படிப் பிரிந்து நிற்பதற்குப் "பன்மைச் சமூகம்" என்று பெயர் வைத்தவரே அங்கு வேலை பார்த்தவர்தான். அதோடு அந்தக் கதையில் நம்முடைய சோறும் இருக்கிறது.

என் அம்மம்மா உப்புவெளியில் இருந்தவர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலத்தைப் பற்றிக் கதைத்தால் "ரங்கூன் அரிசி" என்ற சொல் வராமல் இராது. அந்தக் காலத்தில் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. அதிலும் பெரும்பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 9இல், திருகோணமலையில் குண்டு விழுந்தது. நம் ஊரில் குண்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அம்மம்மா அதிகம் சொன்னது அரிசி நின்றுபோனதைப் பற்றி. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது, பாண் வீட்டுச் சாப்பாடானது. அந்த அரிசியை விளைவித்தவர் யார், அதற்குக் கடன் கொடுத்தவர் யார், கப்பலில் ஏற்றியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் மூன்று இனத்தின் பெயர் வரும்.

பர்மாவில் பிரித்தானிய நிர்வாக அதிகாரியாக இருந்தவர் ஜே. எஸ். ஃபர்னிவால். பிறகு சுதந்திர பர்மாவின் அரசுக்கும் ஆலோசகராக இருந்தார். ரங்கூன் போன்ற இடங்களில் பல இனத்தவர் கலந்து நிற்கிறார்கள், ஆனால் ஒன்றாகச் சேர்வதில்லை, சந்தையில் வாங்கவும் விற்கவும் மட்டும்தான் சந்திக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவரவருக்கு அவரவர் சமயம், மொழி, பழக்கம். பொதுவாக இருப்பது விலை ஒன்றுதான். இதைத்தான் பன்மைச் சமூகம் என்று படிக்கிறீர்கள். பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. விலை மட்டும்தான் பொது என்றால், விலை விழும்போது என்ன ஆகும்?

கீழ் பர்மாவைப் பிரித்தானியர் 1852இல் பிடித்தபோது ஐராவதி டெல்டா பெரும்பாலும் காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது இலாபமானது. நெல் விளைந்த நிலம் 1850களில் பத்து லட்சம் ஏக்கர் அளவில் இருந்தது. 1930களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. காட்டை வெட்டியவர்கள் பர்மியர். மேல் பர்மாவின் வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வெட்டினார்கள். காடு வெட்டி வயலாக்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை சாப்பாட்டுக்கு, மாட்டுக்கு, விதைக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அந்த மொழியும் தெரியாது, அந்தக் காணியும் தெரியாது. கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

இங்கே சட்டத்தின் பங்கைக் கவனியுங்கள். 1876இல் வந்த காணிச் சட்டத்தின்படி, ஒருவர் ஒரு நிலத்தில் தொடர்ந்து 12 வருடம் பயிர் செய்து வரியும் கட்டிவந்தால் அது அவருக்கு உரிமையாகும். அந்த உரிமையை விற்கலாம், ஈடும் வைக்கலாம். விவசாயிக்குப் பாதுகாப்பு என்ற எண்ணத்தில்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் காணி விற்கக்கூடிய பொருளானதால் கடன் கொடுப்பவருக்கும் ஒரு பிடி கிடைத்தது. விற்க முடியாத காணியை ஈடாக வாங்க யாரும் வரமாட்டார்கள்.

செட்டியார் கடை என்றால் மாளிகையைக் கற்பனை செய்யாதீர்கள். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி என்று சொல்லப்படும் நீளமான மண்டபம். அதில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடை என்பது ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு பாய், ஒரு பேரேடு. பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் முதலாளி இல்லை, ஏஜண்டு. ஊரில் இருக்கும் முதலாளியிடம் சம்பளம் பேசி, மூன்று வருடக் கணக்குக்கு வருவார். குடும்பம் காரைக்குடிப் பக்கம் இருக்கும். காலம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். கைப்பணம் போதாவிட்டால் சக செட்டியாரிடம் வாங்குவார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை மாதாமாதம் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். அதற்கும் மேலே பெரிய செட்டியார்களுக்குப் பிரித்தானிய வங்கிகள் கடன் கொடுத்தன. 1930இல் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் செட்டியார்கள் கொடுத்து வைத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்துக்குப் போனது.

அவர்களைக் கொடிய வட்டிக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் கிராமத்துப் பர்மியக் கடன்காரரோடு ஒப்பிட்டால் செட்டியாரின் வட்டி பெரும்பாலும் குறைவுதான். நெல்லாகத் திருப்பிக் கட்டும் கடனைக் கிராமத்தில் வாங்கினால் வட்டி அதைவிடப் பல மடங்கு. சில இடங்களில் செட்டியாரிடம் வாங்கி, அதைக் கூடுதல் வட்டிக்குக் கிராமத்தில் விட்டவரும் பர்மியரே. மலிவாகக் கொடுத்தவரின் மேல்தான் பின்னாளில் கோபம் முழுவதும் போய் விழுந்தது. அது எப்படி என்று பார்க்க ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நடந்த விதம் இதுதான்.

ஒரு விவசாயிக்கு 20 ஏக்கர். ஏக்கருக்கு 35 கூடை என்றால் 700 கூடை நெல். கூலியாட்களுக்கும் மாட்டுக்கும் நெல்லாகவே 250 கூடை போகும். விதைக்கும் வீட்டுச் சோற்றுக்கும் 250. மிஞ்சுவது 200 கூடை. நூறு கூடை 150 ரூபாய்க்குப் போனால் கையில் 300 ரூபாய். காணியை ஈடு வைத்து வாங்கிய கடன் 1000 ரூபாய், வட்டி நூற்றுக்கு 15. வட்டிக்கு 150, காணி வரிக்கு 60 கொடுத்தபின் மிச்சம் 90 ரூபாய். உடுப்புக்கு, விகாரைக்கு, கடனில் கொஞ்சம் அடைக்க அது போதும். இப்போது விலை பாதியாகிறது என்று வையுங்கள். 200 கூடைக்கு 150 ரூபாய்தான் வரும். வட்டியோடு முடிந்தது. வரிக்கு ஒரு சதமும் இல்லை. வரியும் வட்டியும் பணத்தில் எழுதியவை, விலை விழுந்ததற்காக அவை குறையாது. விளைச்சல் அதே, உழைப்பு அதே, வட்டி வீதமும் அதே. இருந்தும் வயல் போகிறது.

1929க்குப் பிறகு உலகச் சந்தை சரிந்தபோது இது ஒரு குடும்பத்தின் கதையாக இருக்கவில்லை. நெல் விலை சில வருடங்களுக்குள் பாதிக்கும் கீழே போனது. செட்டியாருக்குக் காணி வேண்டாம், அவருக்கு வேண்டியது பணம். ஊரில் முதலாளி கணக்குக் கேட்பார், வங்கி கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். பணம் வராதபோது ஈட்டுக் காணியை எழுதி வாங்குவதைத் தவிர அவருக்கும் வழியில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937 அளவில் அது 25. ஏழு வருட முடிவில் நாலில் ஒரு பங்கு வயல், அந்த ஊரில் உழாத, அந்த மொழியில் பிள்ளை வளர்க்காத ஒருவரின் பெயரில் இருந்தது.

இந்தச் சங்கிலியில் இன்னும் மேலே இருந்தவர்கள் யார்? பெரிய அரிசி ஆலைகளும் ஏற்றுமதியும் ஐரோப்பியக் கம்பனிகளின் கையில் இருந்தன. 1920களில் நான்கு பெரிய கம்பனிகள் சேர்ந்து, நெல்லுக்கு இதற்கு மேல் விலை கொடுப்பதில்லை என்று தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டன. விவசாயியின் 90 ரூபாயை 60 ஆக்கும் வலு அந்த ஏற்பாட்டுக்கு உண்டு. ஆனால் அந்தக் கம்பனியின் முகத்தை விவசாயி பார்த்ததில்லை. அவர் பார்த்தது தரகரை, செட்டியாரின் ஏஜண்டை, வரி கேட்டு வரும் ஆளை. எனக்குத் தெரிந்தவரை பன்மைச் சமூகத்தின் ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மேலே எடுக்கும் முடிவின் அடி கீழே விழும்போது, நடுப்படியில் நிற்பவரின் இனம்தான் கண்ணுக்குத் தெரியும். வர்க்கச் சண்டையாக இருக்க வேண்டியது இனச் சண்டையாக உடை மாற்றிக்கொள்கிறது.

அதே சங்கிலியின் மறு நுனி ரங்கூன் துறைமுகம். மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசும் கரையோர மாவட்டங்களிலிருந்து வந்த கூலிகள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அந்தக் கடனோடுதான் வேலையைத் தொடங்குவார்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர். தலைநகரில் பர்மியர் சிறுபான்மை. டெல்டாவில் காணி கிடைத்த வரைக்கும் பர்மியருக்குத் துறைமுகக் கூலி தேவைப்படவில்லை. காணி போனபின் அவர்களும் நகரத்துக்கு வந்தார்கள். வேலை ஏற்கனவே வேறொருவர் தோளில் இருந்தது.

1930 மே மாதம் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சரக்கேற்றும் ஒப்பந்தக்காரர்கள் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். பிறகு வேலைநிறுத்தக்காரரோடு சமரசமானது. மே 26 காலை வழக்கம்போல வேலைக்கு வந்த பர்மியருக்கு "இனி வேலை இல்லை" என்று சொல்லப்பட்டது. பழைய ஆட்கள் திரும்பி வந்து நின்றார்கள். வாய்ச்சண்டை அடிதடியானது, அடிதடி நகரம் முழுவதும் பரவியது, நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர், அதிலும் கூலிகள். இரண்டு பட்டினிக் கூட்டத்தை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது ஒப்பந்தக்காரரின் ஒரு காலை நேர முடிவு. அந்தக் கலவரத்தின் காரணத்தை இரண்டு இனத்தின் இயற்கையான பகை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அந்தக் காலை ஆறு ஏழு மணிக்குத் துறைமுக வாசலில் என்ன சொல்லப்பட்டது என்று கேளுங்கள்.

ஃபர்னிவால் சொன்னதை அப்படியே வேதமாக எடுக்கவும் கூடாது. சந்தையில் மட்டும்தான் சந்தித்தார்கள் என்பது மிகைதான். இந்திய முஸ்லிம் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர்கள் ஒரு தனிச் சமூகமாகவே இருந்தார்கள். தமிழ் விவசாயிகள் பர்மிய ஊர்களில் குடியேறி அங்கேயே கலந்துபோனதும் உண்டு. "இந்தியர்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் செட்டியாரும் தெலுங்குக் கூலியும் ஒரு பந்தியில் இருந்து சாப்பிடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தவருக்கு இருவரும் ஒன்று. அதுதான் விபரீதம்.

சரி, திருகோணமலை. இங்கே பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. கடற்படைத் தளமும் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் இருந்த காலத்தில் இங்கும் ஆளைப் பார்த்துத் தொழில் சொல்லும் பழக்கம் இருந்தது. தளத்தில் மலையாளிகள், கந்தோரில் ஆங்கிலம் படித்த தமிழர், கடைத்தெருவில் முஸ்லிம்கள், பருவத்துக்கு வந்து வாடி போட்டு மீன்பிடித்துத் திரும்பும் தெற்குச் சிங்களவர் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதே பொருளாதார மந்தத்தின் சூட்டில் 1939இல் இலங்கை அரசும் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வெளியேற்ற முடிவெடுத்தது. நேரு வந்து பேசியும் பயனில்லை. அந்த ஆகஸ்டிலேயே இந்தியா இலங்கைக்குக் கூலியாட்கள் வருவதைத் தடை செய்தது. ரங்கூனில் கேட்ட பேச்சு இங்கும் கேட்டது.

ஆனால் இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் பிணக்கின் வேர் பெரும்பாலும் வேறு. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களில் காணியைப் பிரித்துக் கொடுத்தது சந்தை இல்லை, சுதந்திரத்தை ஒட்டியும் அதன் பின்னும் இருந்த அரசு. 1956இல் ஆட்சிமொழி மாறியபோது கந்தோர் வேலையின் கதவை மூடியதும் அரசுதான். மொழியால் ஒரு இனத்துக்குக் கிடைத்த உத்தியோகத்தை மொழியாலேயே எடுத்தார்கள் என்ற அளவில் காலனிக் காலத்தின் நிழல் அதில் இருக்கிறது. மற்றதை ஃபர்னிவாலின் தலையில் கட்ட வேண்டாம். பரீட்சையில் யாராவது இரண்டையும் ஒன்றாக எழுதினால் நான் புள்ளி குறைப்பேன்.

இனி, அவர்கள் போன பிறகு என்ன நடந்தது என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. 1942இல் ஜப்பானியர் வந்தபோது நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு ஓடினார்கள். கையில் பணம் இருந்தவருக்குக் கப்பல். கூலிகளுக்கு அரக்கான் மலையும் மணிப்பூர்க் காடும். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். சுதந்திரம் வந்த 1948இலேயே பர்மா காணியைத் தேசவுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது, 1953இல் அதைத் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செட்டியார்களின் வயல்கள் போயின. இழப்பீடு என்று பேசப்பட்டது, பெரும்பாலோர் கைக்கு அது வரவில்லை. 1964இல் நெ வின்னின் இராணுவ அரசு கடைகளையும் எடுத்தது, 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாது என்றது. அதையொட்டிய வருடங்களில் மூன்று லட்சம் அளவில் இந்தியர் கிளம்பினார்கள். வட்டிக்கடை முதலாளிகள் அதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள். 1964இல் கப்பல் ஏறியவர்கள் பெட்டிக்கடைக்காரர், பால்காரர், தையற்காரர், அங்கேயே பிறந்த பிள்ளைகள். சென்னை பர்மா பஜார் அவர்களால் உண்டானது. அதே 1964இல்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஆயத்தம் செய்துகொண்ட முதலாளிக்குக் காயம் குறைவு, கணக்குத் தீர்க்கப்பட்டது கீழே இருந்தவரிடம் என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றே.

அப்புறம் அந்த 20 ஏக்கர் விவசாயி? செட்டியார் போய்விட்டார், வயல் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். 1953 சட்டப்படி நிலம் அரசுடையது. விவசாயிக்கு உழும் உரிமை மட்டும். விற்க முடியாது, ஈடும் வைக்க முடியாது. நெல்லை வாங்குவது அரசின் கொள்முதல் சபை. அது குறைந்த விலைக்கு வாங்கி, வெளிநாட்டுக்குக் கூடிய விலைக்கு விற்று, இடைவெளியைத் திறைசேரியில் போட்டது. முன்பு ஐரோப்பிய ஆலைக்காரர் நின்ற மேல்படியில் இப்போது தன் இனத்துக்காரரின் அரசு நின்றது. விலையை முடிவு செய்தவர் விவசாயியின் மொழியில்தான் பேசினார், ஆனால் 700 கூடையில் அவருக்கு மிஞ்சியது பெரிதாகக் கூடவில்லை. அந்தக் கோபத்தைக் காட்ட அந்த ஊரில் பெட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. காரைக்குடிப் பக்கம் சில வீடுகளில் அந்த வயல்களின் உறுதிகள் நெடுங்காலம் பெட்டியில் கிடந்தன, பர்மிய எழுத்தில், எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியாமல்.